அபராதச் செய்தி வந்தால் அதிலுள்ள லிங்க் வழியாகப் போகாதீர்கள்

கேள்வி: வணக்கம் சார். மதுரையில் இருக்கிறேன். என் பெயரில் உள்ள ஸ்கூட்டரில் மகன் கல்லூரிக்குப் போய் வருகிறான். போன வாரம் அவன் வாட்ஸ்அப்பில், சிக்னலை மீறியதற்கு 500 ரூபாய் அபராதம் என்று எங்கள் வண்டி எண்ணோடு ஒரு செய்தி வந்தது. கூடவே `RTO E Challan.apk` என்று ஒரு ஃபைல். அதைத் தொட்டதும் ஏதோ அனுமதி கேட்டதாம், பயந்து மூடிவிட்டான். இரண்டு நாள் கழித்து என் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தது. ஹெல்மெட் போடாததற்கு 1000 ரூபாய், கட்ட ஒரு லிங்க். "ரெண்டுமே டுபாக்கூர், கண்டுக்காதே அக்கா" என்கிறான் தம்பி. நிஜமாகவே அபராதம் இருந்துவிட்டால் என்ன செய்வது? எதை நம்புவது?

பதில்: வணக்கம் அம்மா. அபராதம் காத்திருக்கும். முதலில் உங்கள் மகனின் போனைப் பார்த்துவிடுவோம்.

வாட்ஸ்அப்பில் வந்தது போலிதான். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. எந்த மாநிலப் போக்குவரத்துக் காவல்துறையும் அபராதத்தை ஏ.பி.கே. ஃபைலாக அனுப்புவதில்லை. ஏ.பி.கே. என்பது ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலியை நிறுவும் பொட்டலம். அது ரசீதும் இல்லை, புகைப்படமும் இல்லை. போனுக்குள் வந்து கிடப்பதாலேயே அது வேலை செய்யத் தொடங்கிவிடாது. நிறுவப்பட்டால்தான் ஆபத்து. ஆகவே மகனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அனுமதி கேட்டது "இந்தச் செயலியை நிறுவலாமா" என்பதற்கா, இல்லை நிறுவி முடிந்தபின் "எஸ்.எம்.எஸ். படிக்கலாமா, தொடர்புகளைப் பார்க்கலாமா" என்பதற்கா?

முதல் கேள்வியிலேயே மூடியிருந்தால் தப்பித்துவிட்டான். ஃபைலை அழித்தால் போதும். இரண்டாவது கேள்வி வரை போயிருந்தால் செயலி உள்ளே நுழைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செயலிகள் குறி வைப்பது உங்கள் எஸ்.எம்.எஸ். பெட்டியைத்தான். வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. உங்கள் கண்ணில் படும் முன்பே அவர்களுக்குப் போய்விடும். பல செயலிகள் தம்மையே போனின் முதன்மை எஸ்.எம்.எஸ். செயலியாக ஆக்கிக்கொள்ள அனுமதி கேட்கும். பிறகு உங்கள் மகனின் பெயரிலேயே அவனுடைய நண்பர்களுக்கும் இதே ஃபைல் போகும். தெரிந்தவரிடமிருந்து வந்தது என்று அவர்களும் திறப்பார்கள்.

எது நடந்தது என்று அவனுக்கு நினைவில்லை என்றால் இப்படிச் செய்யச் சொல்லுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு செட்டிங்ஸில் உள்ள செயலிகள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படிக்க வேண்டும். முகப்புத் திரையில் தேடிப் பயனில்லை. இந்தச் செயலிகள் தங்கள் ஐகானை மறைத்துக்கொள்ளும். போன வாரம் புதிதாக வந்தது, தான் நிறுவாதது, பெயரே இல்லாதது எதுவானாலும் அதை நீக்க வேண்டும். நீக்கவிடாமல் அடம்பிடித்தால், செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடி, அங்கே அதற்குக் கொடுத்துள்ள உரிமையை எடுத்துவிட்டு மறுபடி நீக்க வேண்டும். முதன்மை எஸ்.எம்.எஸ். செயலி எது என்பதையும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்புக்கு "தெரியாத செயலிகளை நிறுவும்" உரிமை கொடுத்திருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும்.

சந்தேகத்துக்கு இடமான செயலி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், நீக்கியதோடு நிறுத்த வேண்டாம். படங்களை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு போனை முழுவதுமாக ரீசெட் செய்துவிடுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு யு.பி.ஐ.யையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே கூப்பிடுங்கள். போன பணத்தை அடுத்த கணக்கில் நிறுத்திவைக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். அதன்பின் அது பல கணக்குகளுக்குச் சிதறிவிடும். `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதியலாம். வங்கிக்குத் தகவல் கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்த மோசடியானாலும், நீங்கள் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. ஆகவே எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னீர்கள், கொடுத்த புகார் எண் என்ன என்பதைக் குறித்து வையுங்கள்.

இனி உங்கள் போனுக்கு வந்த எஸ்.எம்.எஸ். இதைத்தான் நீங்கள் பெரிய சிக்கலாக நினைக்கிறீர்கள், அது சரியும்கூட. ஏனென்றால் இது உண்மையாக இருக்கவும் வாய்ப்புண்டு.

தம்பி சொன்ன யோசனை வாட்ஸ்அப் செய்திக்குப் பொருந்தும், எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பொருந்தாது. லிங்க் இருந்தாலே போலி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. உண்மையான இ-சலான் செய்தியிலும் சலான் எண், வண்டி எண், தொகை, பணம் கட்டும் தளத்தின் லிங்க் எல்லாம் இருக்கும். போலியிலும் இவை அத்தனையும் இருக்கும். வண்டி எண் சரியாக இருப்பதை வைத்து நம்பிவிடவும் முடியாது. வண்டி எண் தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிகிற ஒன்று, உரிமையாளர் பெயரும் போன் எண்ணும்கூடப் பல இடங்களில் கசிந்து கிடக்கின்றன. தொகையும் அப்படித்தான். ஹெல்மெட் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் 1000 ரூபாய் என்பது 2022 அக்டோபரிலிருந்து ஊருக்கே தெரியும். சரியான தொகையைப் போடுவது மோசடிக்காரருக்கு ஒரு வேலையே இல்லை.

அனுப்புநர் பெயர் ஓரளவு உதவும். உண்மையான சலான் செய்திகள் பெரும்பாலும் `VAAHAN` என்ற சொல் உள்ள தலைப்போடு வரும். 2025 மே முதல் அரசு அனுப்பும் எஸ்.எம்.எஸ். தலைப்புகளின் கடைசியில் `-G` என்ற எழுத்து இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. செய்தி பத்து இலக்க சாதாரண செல் எண்ணிலிருந்தோ வெளிநாட்டு எண்ணிலிருந்தோ வந்திருந்தால் அதை அப்போதே ஒதுக்கிவிடலாம். ஆனால் தலைப்பு சரியாக இருக்கிறது என்பதற்காகப் பணம் கட்டிவிடாதீர்கள். செல்போன் கோபுரம் போல் நடிக்கும் கருவிகளை வைத்து, விரும்பிய தலைப்பில் எஸ்.எம்.எஸ். அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்துப் போலியை ஒதுக்கலாம், உண்மையை உறுதி செய்ய முடியாது.

அதனால் செய்தியை எத்தனை முறை திருப்பிப் படித்தாலும் விடை கிடைக்காது. நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: செய்தியை ஒரு தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதிலுள்ள லிங்கைத் தொடாமல் பதிவேட்டை நீங்களே போய்ப் பாருங்கள். அபராதம் நிஜமென்றால் அது அரசின் பதிவேட்டில் இருக்கும். உங்களுக்கு எஸ்.எம்.எஸ். வந்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

அந்தப் பதிவேடு இருக்கும் முகவரி இது. நீங்களே தட்டச்சு செய்யுங்கள்:

```
echallan.parivahan.gov.in
```

கூகுளில் "சலான் கட்டுவது எப்படி" என்று தேடிப் போகாதீர்கள். தேடல் முடிவுகளின் மேலே விளம்பரமாகப் போலித் தளங்கள் வந்து நிற்பதுண்டு. முகவரியைச் சரிபார்க்கும் விதமும் முக்கியம். `https://` என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் சாய்கோடு வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்து, அதை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். அது `.gov.in` என்று முடிய வேண்டும், அதற்கு முன்னால் `parivahan` இருக்க வேண்டும். கீழே உள்ளதைப் பாருங்கள்:

```
echallan.parivahan.gov.in.example.com/pay
```

இதிலும் அரசின் முகவரி முழுதாக இருக்கிறது, ஆனால் முடிவது `example.com` என்று. ஆகவே இது `example.com` வைத்திருப்பவருடைய தளம். முன்னால் என்ன எழுதியிருந்தாலும் அது அலங்காரம்தான். அந்த இடத்தில் மோசடிக்காரர் தன் பெயரை வைத்திருப்பார். போன் திரை சிறியது என்பதால் முகவரி பாதியில் வெட்டுப்பட்டுத் தெரியும். முகவரிப் பெட்டியைத் தொட்டு முழுவதையும் பாருங்கள். நடுவில் ஒரு சிறு கோடு போட்டு `parivahan-gov` என்று எழுதியிருந்தாலும் அது அரசின் முகவரி இல்லை.

தளத்தில் `Pay Online` அல்லது `Check Challan Status` என்பதை அழுத்தினால் மூன்று வழிகளில் தேடலாம்: சலான் எண், வண்டி எண், ஓட்டுநர் உரிம எண். உங்களுக்கு நான் சொல்வது வண்டி எண்தான். சலான் எண்ணைப் போட்டால் அந்த ஒரு சலான் மட்டும் வரும். வண்டி எண்ணைப் போட்டால் அந்த வண்டியின் மேல் பதிவாகியிருக்கும் மற்றவையும் தெரியும். மகன் வீட்டில் சொல்லாத பழைய அபராதம் ஏதாவது இருந்தால் அதுவும் வெளியே வந்துவிடும். வண்டி எண்ணோடு சேசிஸ் எண் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கேட்கும். இரண்டும் ஆர்.சி.யில் இருக்கின்றன, கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வேறு யாரோ ஒருவர் உங்கள் வண்டியின் விவரங்களைப் பார்த்துவிடாதபடி வைத்த பூட்டு அது.

போலித் தளத்தில் பெரும்பாலும் இந்தப் பூட்டு இருக்காது. எந்த எண்ணைப் போட்டாலும் ஏதாவது ஒரு அபராதம் வரும், இல்லாத வண்டிக்கும் வரும். அதன் பின்னால் பதிவேடு எதுவும் இல்லை, ஒரு தொகையைக் காட்டும் பக்கம் மட்டுமே உண்டு. யு.பி.ஐ. வழியாகக் கட்ட முடியாதபடி செய்து, கார்டு எண்ணையும் பின்னால் உள்ள மூன்று இலக்கத்தையும் மட்டும் கேட்கும் பக்கங்களும் உண்டு. அவர்களுக்கு உங்கள் 1000 ரூபாய் பெரிதில்லை, அந்தக் கார்டுதான் வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று நீங்கள் அந்த லிங்கைத் திறக்க வேண்டாம்.

உண்மைத் தளத்தில் சலான் வந்துவிட்டது என்றால், பணம் கட்டும் பட்டனுக்கு முன்னால் விவரங்களைத் திறந்து பாருங்கள். கேமரா வழியாகப் போடப்பட்ட சலானில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்த்த 167A விதி சொல்கிறது: மீறலைக் காட்டும் தெளிவான புகைப்படம், அதில் நம்பர் பிளேட், தேதி, நேரம், இடம், எந்தச் சட்டப் பிரிவு என்பது. ஹெல்மெட் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194D பிரிவு. அந்த நேரத்தில் வண்டி எங்கே இருந்தது என்று மகனிடம் கேளுங்கள். படத்தில் இருப்பது உங்கள் ஸ்கூட்டர்தானா என்று பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னிடம் வந்த ஒருவரின் கதை அப்படி. திருச்சிக்காரர், ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். வேறொரு நகரத்தில் சிக்னலை மீறியதாக எஸ்.எம்.எஸ். வந்தது. "நான் அந்த ஊருக்கே போகவில்லையே, இது மோசடி" என்று அழித்துவிட்டார். மாதங்கள் கழித்து வண்டியை விற்கப் பெயர் மாற்றம் செய்யப் போனபோது, நிலுவை அபராதம் இருக்கிறது என்று வேலை நின்றுபோனது. அப்போதுதான் தளத்தில் பார்த்தோம். சலான் உண்மையானது, ஆனால் படத்தில் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். அதன் பிளேட்டில் கடைசி எண் 3. புழுதி படிந்து 8 போலத் தெரிந்திருக்கிறது. இவருடைய வண்டியின் கடைசி எண்தான் 8. செய்தி உண்மை, குற்றம் மட்டும் இவருடையது இல்லை. அதே தளத்தின் புகார்ப் பகுதியில், ஆர்.சி.யின் நகல், ஸ்கூட்டரை முன்னும் பின்னும் எடுத்த படங்கள், சலானில் உள்ள படம் மூன்றையும் சேர்த்துப் போட்டோம். சலான் போட்ட காவல் பிரிவுக்கும் அதே தாள்களோடு எழுத்தில் மனு கொடுத்தோம். சலான் ரத்தானது. செய்தி வந்த வாரமே பார்த்திருந்தால், வாங்க வந்தவரைக் காக்க வைத்திருக்க வேண்டியதில்லை. இப்படி உங்களுக்கும் வேறு வண்டியின் படம் இருந்தால் தயவுசெய்து பணம் கட்டி முடித்துவிடாதீர்கள். கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். படத்தில் இருப்பது வேறு வண்டி, ஆனால் பிளேட்டில் உங்கள் எண்ணே தெளிவாக இருக்கிறது என்றால், யாரோ உங்கள் எண்ணைப் போட்டு ஓட்டுகிறார்கள். அப்போது காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தாக வேண்டும்.

படம் உங்கள் வண்டிதான், மகனும் ஒப்புக்கொள்கிறான் என்றால் அங்கேயே கட்டிவிடுங்கள். போனுக்கு ஓ.டி.பி. வரும், அதைப் போட்டபின் பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போகும். இந்த ஓ.டி.பி.யை நீங்களே திறந்த தளத்தில் நீங்களே போடுகிறீர்கள். போனில் கூப்பிட்டுக் கேட்கும் யாரிடமும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. கட்டியபின் ரசீதை இறக்கி வையுங்கள், சில நாள் கழித்து நிலை `Disposed` என்று மாறியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். இணையத்தில் கட்ட மனம் ஒப்பவில்லை என்றால், சலான் எண்ணை எழுதிக்கொண்டு அருகிலுள்ள போக்குவரத்துக் காவல் நிலையத்துக்குப் போங்கள். அங்கே பார்த்துச் சொல்வார்கள். அங்கும் யாருடைய சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கும் பணம் அனுப்பாதீர்கள், ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

தளத்தில் எதுவுமே வரவில்லை என்றால்? முதலில் நீங்கள் போட்ட எண்களைச் சரிபாருங்கள். சேசிஸ் எண்ணில் ஒரு எழுத்து தவறினாலும் ஒன்றும் வராது. சரியாகப் போட்டும் இல்லை என்றால், இன்றைக்குக் கட்ட எதுவும் இல்லை. புதிய சலான் தளத்தில் ஏறச் சில நாள் ஆகலாம், ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னொரு இடமும் உண்டு. கட்டாமல் விட்ட பழைய சலான்கள் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு மாறியிருக்கலாம். அதற்கான தளம் `vcourts.gov.in`. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து வண்டி எண்ணால் தேடலாம். இரண்டு இடத்திலும், ஒரு வாரம் கழித்தும் இல்லை என்றால் அந்த எஸ்.எம்.எஸ்.ஸை அழித்துவிடுங்கள்.

"24 மணி நேரத்தில் கட்டாவிட்டால் கைது, லைசென்ஸ் ரத்து" என்று செய்தியில் இருந்தால் அதற்காகப் பதற வேண்டாம். ஹெல்மெட் அபராதம் ஒரே நாளில் கைதில் போய் முடிவதில்லை. கட்டாவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்கும் அவகாசம் உண்டு. ஒரு வாரம் பொறுத்துச் சரிபார்ப்பதால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை.

உங்கள் கடிதத்தில் கவனித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது. அப்படியென்றால் உண்மையான செய்தி வர வேண்டியது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும் போன் எண்ணுக்கு. மகனின் எண்ணை நீங்கள் பதிவு செய்திருக்காவிட்டால், அவனுக்கு வந்தது அந்தக் காரணத்தாலும் போலியே. உங்கள் எண் பதிவாகியிருக்கிறதா, பழைய எண் கிடக்கிறதா என்பதை `parivahan.gov.in` தளத்திலோ ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பழைய எண் இப்போது வேறொருவரிடம் இருந்தால், உங்கள் அபராதச் செய்திகள் அவருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிப்பதற்கு முன்னால் அனுப்பிய எண்ணோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, `sancharsaathi.gov.in` தளத்தில் உள்ள சக்ஷு என்ற பகுதியில் புகார் கொடுத்துவிடுங்கள். மோசடி எண்களை முடக்குவதற்காகத் தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கும் இடம் அது. மகனின் போனில் செயலி நுழைந்திருந்தது என்று தெரிந்தால், அவனுடைய தொடர்பில் உள்ளவர்களிடம் "என் எண்ணிலிருந்து ஃபைல் வந்தால் திறக்காதீர்கள்" என்று இன்றே சொல்லச் சொல்லுங்கள். அதை உங்கள் போனிலிருந்து கூப்பிட்டுச் சொல்லட்டும்.